ஒரு வயதுப் பிள்ளைக்கு எதற்கு இரவு மண்டபம்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு வயதுப் பிள்ளையின் முதல் பேத்டேயை இரவில், மண்டபத்தில், சவுண்ட் போட்டு, இருநூறு பேருக்குச் சாப்பாடு கொடுத்துச் செய்கிற பழக்கத்தை எங்கள் ஊர்கள் கைவிட வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. அந்த நிகழ்ச்சியில் மிகவும் கஷ்டப்படுகிற ஆள் அந்தப் பிள்ளை. அடுத்தது பிள்ளையின் உம்மா. மூன்றாவது, மண்டபக் காசைக் கடன் வாங்கிக் கட்டிய வாப்பா. இந்த மூன்று பேருக்கும் பாரமான ஒன்றை அவர்கள் பெயரிலேயே செய்கிறோம்.

பேத்டே கொண்டாடலாமா கூடாதா என்கிற வாதத்துக்கு நாங்கள் வரவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டாடுவதில்லை என்று இருக்கிற வீடுகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. நாங்கள் கதைப்பது, ஏதோ ஒரு வகையில் செய்யத்தான் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்ட வீடுகளைப் பற்றி.

முதலில் மணிக்கூட்டைப் பார்ப்போம். கார்டில் ஏழு மணி என்று இருக்கும். எங்கள் ஊரில் யார் ஏழு மணிக்கு வருவது? இஷா தொழுதுவிட்டு, உடுத்துப் படுத்து, எட்டரைக்குத்தான் ஆட்கள் சேர்வார்கள். போட்டோக்காரர் லைட்டைச் சரிசெய்து முடிக்க ஒன்பது மணி. கேக் வெட்டுவது ஒன்பதே காலுக்கு.

இப்போது பிள்ளையின் மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு வயதுப் பிள்ளைக்கு, பகல் நித்திரையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணித்தியால நித்திரை தேவை என்று உலக சுகாதார அமைப்பு 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் பகலில் இரண்டு தடவை தூங்குவார்கள். ஒரு நித்திரைக்கும் அடுத்ததுக்கும் இடையில் சுமார் மூன்று, நான்கு மணித்தியாலம்தான் அவர்களால் நல்ல மனநிலையில் விழித்திருக்க முடியும். பின்னேரம் மூன்றரைக்கு எழும்பிய பிள்ளை ஏழு, ஏழரைக்குக் களைத்துவிடும். கேக் வெட்டும்போது அது எழும்பி ஐந்தே முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் அது அழாவிட்டால்தான் அதிசயம்.

அழுததும் ஒரு மூத்தம்மா சொல்வார், "கண்ணூறு பட்டுட்டு, மிளகாய் சுத்திப் போடுங்க." இன்னொருவர், "பல்லு வருது போல." ஒருவருக்கும் நித்திரை ஞாபகம் வராது. வீட்டில் தினமும் இந்த நேரத்தில் அது ஏணையில் கிடக்கிற பிள்ளை என்பது உம்மாவுக்குத் தெரியும். ஆனால் உம்மா அந்த நேரம் மேடையில், கல் வைத்த அபாயாவில், சிரிக்கச் சொன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்தது ஆட்கள். ஆறு, ஏழு மாதம் மட்டும் யார் தூக்கினாலும் போன பிள்ளை, அதற்குப் பிறகு முகம் பார்க்கத் தொடங்கும். தெரியாதவரைக் கண்டால் உம்மாவின் தோளில் முகத்தைப் புதைக்கும். உம்மா அறையை விட்டு வெளியே போனால் அழும். பிள்ளை வளர்கிறது என்பதற்கு இது அடையாளம். தனக்கு உரியவர் யார், அந்நியர் யார் என்று பிரித்துப் பார்க்க மூளை கற்றுக்கொண்டுவிட்டது. முதல் பேத்டே வருவது சரியாக இந்தப் பயம் உச்சத்தில் இருக்கிற காலத்தில். அந்தக் காலத்தைப் பார்த்து, இருநூறு முகங்களுக்கு முன்னால் கொண்டுபோய், கை மாற்றிக் கை மாற்றி ஒவ்வொரு மேசையாக அனுப்புகிறோம். வர மறுத்தால், "உம்மாவோடேயே ஒட்டிக்கிட்டுத் திரியுது, பழக்காம வளர்த்திருக்கா" என்று உம்மாவுக்குத்தான் குற்றம்.

இதில் அதிகமானோர் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளைக்குத் தாங்க முடியாமல் போகிற முதல் அடையாளம் அழுகை அல்ல. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணைக் கசக்கும், காதைப் பிடித்து இழுக்கும். பிறகு சில பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிடும். ஒரு பக்கம் வெறித்துப் பார்க்கும், சிரிக்காது, கையில் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாம், "எவ்வளவு நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்கிறோம். உண்மையில் அது சுற்றி நடப்பதிலிருந்து தன்னை மூடிக்கொண்டுவிட்டது. அந்தக் கட்டத்தில் தூக்கி, இருட்டான ஓர் அறைக்கு, ஒரே ஓர் ஆள் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அதையும் தாண்டினால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தும். பிறகு பாலும் எடுக்காது, ஆட்டினாலும் அடங்காது. அன்றிரவு வீட்டுக்குப் போன பிறகும் அரைமணிக்கொரு தடவை எழும்பும். அந்த இரவின் கணக்கை மண்டபக்காரர் பில்லில் போட மாட்டார், உம்மாதான் கட்டுவார்.

சரி, எப்படிச் செய்வது? எங்களோடு படிப்பிக்கிற ஒரு டீச்சரும் அவருடைய மாப்பிள்ளையும் போன வருடம் செய்ததைச் சொல்கிறோம். பெயர் சொல்லவில்லை. டீச்சர் லீவு முடிந்து பாடசாலைக்கு வந்து மாதக்கணக்கு. மாப்பிள்ளை கடையில் இரவு ஒன்பது வரை. இரண்டு பேருக்கும் ஒரு வருடமாக ஒழுங்கான நித்திரை இல்லை. ஆகவே அவர்கள் முதலில் எழுதியது ஆட்கள் லிஸ்ட் அல்ல, பிள்ளையின் நாள். மகள் காலை ஆறு மணிக்கு எழும்புவாள். ஒன்பதரை தொடக்கம் பத்தே முக்கால் வரை ஒரு நித்திரை. பதினொன்றரைக்குச் சோறு. இரண்டு மணிக்கு அடுத்த நித்திரை, மூன்றே கால் வரை. ஏழரைக்கு இரவுத் தூக்கம். இதில் பிள்ளை நித்திரை முடிந்து, வயிறு நிறைந்து, வீடும் வெயில் தணிந்து இருக்கிற நேரம் எது? பின்னேரம் நாலே கால் முதல் ஐந்தரை. அஸர் முடிந்திருக்கும். மஃரிபுக்கு ஆண்கள் பள்ளிக்கு எழும்பத்தான் வேண்டும், அதனால் யாரையும் "போங்க" என்று சொல்லாமலே நிகழ்ச்சி முடிந்துவிடும். எங்கள் ஊர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. காலையில் உற்சாகமாக இருக்கிற பிள்ளை என்றால் முதல் நித்திரைக்குப் பிறகு, பதினொரு மணிக்கு வைத்தாலும் சரிதான். ஆனால் வந்தவர்கள் பகல் சாப்பாடு எதிர்பார்ப்பார்கள், அடுப்படி வேலை கூடிவிடும்.

தேதியும் அப்படித்தான். பிள்ளை பிறந்தது செவ்வாய்க்கிழமை. அதற்காகச் செவ்வாய் இரவு வைத்தே ஆக வேண்டும் என்று பிள்ளை கேட்கவில்லை. சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். எந்தச் சனி என்பதில்தான் டீச்சர் புத்தியாக நடந்தார். ஒரு வயது முடிந்ததும் எங்கள் கிளினிக்கில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுவார்கள். தடுப்பூசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கும். அவர்களுடைய கிளினிக் நாள் அடுத்து வந்த வியாழன். ஊசி போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட வேண்டாமென்று, அதற்கு முந்திய சனியிலேயே வைத்தார்கள். விருந்துக்காக ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தலைகீழான வேலை. ஊசி அந்த நாளிலேயே நடக்கட்டும், கேக் காத்திருக்கட்டும்.

ஆட்கள் லிஸ்டுக்கு அவர்கள் வைத்த சட்டம் எங்களுக்கு நன்றாகப் பிடித்தது. பிள்ளை தானாகக் கை நீட்டிப் போகிற ஆட்கள் மட்டும். எண்ணிப் பார்த்தால் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு பக்க மூத்தம்மா, மூத்தவாப்பா, ஒரு ராத்தா, சாச்சி, மாமா ஒருவர், பக்கத்து வீட்டு மாமி. எட்டுப் பேர். அவர்களுடைய வீட்டுக்காரர், பிள்ளைகளைச் சேர்த்துப் பதினாறு. எந்த ஊரிலும் ஒரு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உலகம் இல்லை.

சாப்பாடு சஹன் இல்லை. தேத்தண்ணி, ரோல்ஸ், கட்லட், ஒரு தட்டு வட்டலப்பம். ஆளுக்கு மூன்று கடி என்று கணக்குப் பார்த்து, பதினாறு பேருக்கு 48, கைக்கு மேலதிகமாக 12, மொத்தம் 60 துண்டு. தெருவில் வீட்டிலிருந்து செய்து விற்கிற ஒரு பெண்ணிடம் புதன்கிழமையே சொல்லியாயிற்று. கேக் ஒரு கிலோ. பிள்ளைக்கு அதில் பங்கில்லை, ஒரு வாழைப்பழம் சேர்த்த சின்ன இடியாப்பத் துண்டுதான். இரண்டு வயது வரை சீனி சேர்த்தவற்றைத் தள்ளிவையுங்கள் என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஐசிங்கை வாயில் பூசிப் படம் எடுத்தால்தான் பேத்டே என்று யார் சொன்னது?

மூன்று பொருட்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவே கூடாது. ஒன்று, கச்சான், முறுக்கு, முழு முந்திரிப்பழம், டொபி மாதிரி உருண்டையாக, கடினமாக உள்ள எதுவும். ஒரு வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப்பல் இல்லை. அரைக்காமல் விழுங்கும், மூச்சுக் குழாயில் போய் அடைக்கும். வீட்டுக்காரர் கவனமாகத்தான் இருப்பார், வந்த சின்னப் பிள்ளை அன்பாகக் கொண்டுபோய் வாயில் கொடுத்துவிடும். இரண்டு, றப்பர் பலூன். வெடித்த சத்தத்தில் பிள்ளை பதறுவது இருக்கட்டும், வெடித்த துண்டுதான் ஆபத்து. அது தொண்டைக்குள் போனால் ஈரச் சவ்வு மாதிரி ஒட்டிக்கொள்ளும், எடுப்பது மிகக் கஷ்டம். பலூன் பாக்கெட்டிலேயே எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எச்சரிக்கை போட்டிருப்பது அதனால்தான். டீச்சர் வீட்டில் ஒரு சுவரில் நிறச் சேலை இரண்டைத் தொங்கவிட்டு, கடதாசிப் பூ ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது, எரிகிற மெழுகுதிரி. அந்த வயதுப் பிள்ளை வெளிச்சத்தைக் கண்டால் ஊத மாட்டாது, பிடிக்கத்தான் பார்க்கும். திரி இல்லாமலே கேக் வெட்டுப்படும்.

வேலைப் பங்கீடுதான் எங்களுடைய பெண்கள் கவனிக்க வேண்டிய இடம். ஆண்களும் வாசிக்கலாம், பாதகமில்லை. அன்று உம்மாவுக்கு ஒரே வேலை, பிள்ளை. தேத்தண்ணி ஊற்றுவது சாச்சியின் பொறுப்பு. கோப்பை கழுவுவதும் கூட்டுவதும் வாப்பாவும் மாமாவும். இதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், முதல்நாளே பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். "ஏதாவது உதவி வேணுமா?" என்று வாசலில் நின்று கேட்கிற உதவி ஒரு நாளும் அடுப்படிக்குள் வராது. கோப்பையும் கடதாசிக் கோப்பைதான். பின் அறையில் திரை இழுத்து, மின்விசிறி போட்டு, ஏணை கட்டி வைத்திருந்தார்கள். அந்த அறைக்குள் ஒருவரும் போவதில்லை, பிள்ளைக்குத் தாங்காவிட்டால் உம்மாவோ வாப்பாவோ தூக்கிக்கொண்டு போவதற்காக.

எல்லாம் திட்டப்படி நடந்ததா என்றால், இல்லை. மகள் அன்றைக்குப் பார்த்து இரண்டே முக்காலுக்குத்தான் தூங்கினாள். நாலே காலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், பிள்ளை நித்திரை. ஒரு மாமி, "எழுப்புங்களேன், பாத்துட்டுப் போவம்" என்று தொடங்கினார். வாப்பா எழுப்பவிடவில்லை. தேத்தண்ணியை முதலில் கொடுத்தார்கள். பிள்ளை தானாக எழும்பி, பால் குடித்து, நாலே முக்காலுக்கு உம்மாவின் இடுப்பில் வெளியே வந்தாள். முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் கை நீட்டவில்லை, அப்படிச் சொல்லியிருந்தார்கள். பாயில் இறக்கிவிட்டதும் அவளே மூத்தவாப்பாவின் தொப்பியைப் பிடிக்கப் போனாள். கேக் வெட்டும்போது எல்லோரும் கை தட்டியதில் முகம் கோணியது. மூத்தம்மா கையைக் காட்டி அடக்கினார், பிறகு மெதுவாகப் பாடினார்கள். ஐந்து இருபதுக்கு ஒரு மாமா சைரன் போடுகிற பெரிய கார் ஒன்றோடு வந்தார். ஜஸாகல்லாஹ் சொல்லி வாங்கி, பற்றரியைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். அவளுக்கு அந்தக் கார் வந்த பெட்டிதான் பிடித்திருந்தது. ஆறு மணிக்கு வீடு வெறுமை. எட்டு மணிக்குப் பிள்ளை நித்திரை, வழக்கத்தைவிட அரைமணித்தியாலம் பிந்தி. உம்மாவும் ஒன்பதுக்குப் படுத்துவிட்டார்.

இனி மறுப்புக்கு வருவோம். இதைச் சொன்னதும் நான்கு பக்கத்தாலும் வருவது மூன்று கதை.

முதலாவது, "ஞாபகத்துக்குப் போட்டோ வேணும்." சரி, எடுங்கள். ஆனால் அன்றைக்கே எடுக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? முந்தின நாள் காலை, குளிப்பாட்டிப் பால் கொடுத்த பிறகு, யன்னல் வெளிச்சத்தில், பருத்திச் சட்டையோடு பத்து நிமிடம் எடுத்தால் அழாத முகம் கிடைக்கும். மண்டபத்து அல்பங்களைத் திறந்து பாருங்கள். வலைக் கவுண் கழுத்தில் குத்த, வியர்த்து, கண் சிவந்து, வேறெங்கோ பார்க்கிற பிள்ளைகள்தான். சுற்றி நிற்கிறவர்கள் மட்டும் அழகாக இருப்பார்கள்.

இரண்டாவது, "நாங்க எத்தனை வீட்டுக்கு என்வலப் குடுத்திருக்கம், அது திரும்பி வர வேணாமா?" இதுதான் உண்மையான காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம், மற்றதெல்லாம் பேச்சுக்கு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மண்டபம், சாப்பாடு, டெகரேஷன், போட்டோ எல்லாம் போக என்வலப்பில் மிஞ்சியது எவ்வளவு என்று செய்தவர்களிடம் தனியாகக் கேளுங்கள். மிஞ்சினாலும் அது வருமானம் அல்ல. கொப்பியில் பெயர் எழுதிய ஒவ்வொரு என்வலப்பும் நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். அந்தக் கடனைக் கட்ட அடுத்த வீட்டுக்காரரும் மண்டபம் எடுக்கிறார். டீச்சர் வீட்டார் "அன்பளிப்பு வேண்டாம்" என்று முதலிலேயே எழுதிவிட்டார்கள். அதையும் மீறிச் சிலர் கொண்டுவந்தார்கள்தான், ஆனால் கொப்பி வைத்து எழுதவில்லை.

மூன்றாவது, "மாமி வீட்டாக்கள் கோவிப்பாங்க." கோபிப்பார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் கோபம் எதற்கென்று பாருங்கள். கூப்பிடாததற்கு அல்ல, மற்றவரைக் கூப்பிட்டுத் தன்னை விட்டதற்கு. ஆகவே அரைகுறையாகச் செய்யக் கூடாது. நாற்பது பேரைக் கூப்பிட்டால் நாற்பத்தோராவது ஆளுக்குக் கோபம் வர நியாயம் இருக்கிறது. வீட்டு ஆட்கள் மட்டும் என்று கோடு போட்டால் எல்லோருக்கும் ஒரே கோடு. மிச்சமானவர்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில், ஒரு நேரத்துக்கு ஒரு வீடு என்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். ஒரு பெட்டி கட்லட்டும் கொண்டு போங்கள். பிள்ளைக்கும் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று புது முகம் தாங்கும். பெரியவர்களுக்கும் மண்டபத்தில் கிடைக்காத அரைமணித்தியாலம் பிள்ளையோடு கிடைக்கும்.

கோடு போடுகிறவர் யார் என்பதும் முக்கியம். அவருடைய பக்கத்துச் சொந்தத்துக்கு அவரே சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் உம்மாவிடம் மருமகள் போய், "மண்டபம் வேணாம் மாமி" என்றால் அது பத்து வருடத்துக்குக் கதையாகும். மகன் சொன்னால் இரண்டு நாள் முகம் சுருங்கி மூன்றாம் நாள் சரியாகிவிடும். வாப்பாமாரே, இந்த ஒரு வேலையை மனைவியின் தலையில் போடாதீர்கள்.

எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு, அந்த வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அவர்களிடம் கேட்டு வாங்கிக் கீழே போட்டிருக்கிறோம். பெயரையும் நேரத்தையும் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

"அஸ்ஸலாமு அலைக்கும். மகளுக்கு ஒரு வயது நிறைகிறது, அல்ஹம்துலில்லாஹ். வரும் சனிக்கிழமை பின்னேரம் 4.15 முதல் 5.30 வரை எங்கள் வீட்டில் தேத்தண்ணி. வீட்டு ஆட்கள் மட்டும்தான். பிள்ளை தூங்கி எழும்பும் நேரம் முந்திப் பிந்தலாம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வந்ததும் தூக்க வேண்டாம், அவளாக வருவாள். அன்பளிப்பு வேண்டாம், துஆ போதும். மஃரிபுக்கு முன் முடித்துக்கொள்வோம்."